ஏற்றத்தில் இருக்கும் நிஃப்டியை இறக்கத்தில் வாங்குவது: 2 நாள் ஆர்எஸ்ஐ பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சுருக்கமா சொல்லுங்க, இந்த முறையில என்னதான் செய்யணும்?"

மூன்று வரிதான். நிஃப்டியின் இறுதி விலை அதன் 200 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். அந்த நிலையில், விலையின் ஏற்ற இறக்க வேகத்தை 0 முதல் 100 வரை அளக்கும் 2 நாள் ஆர்எஸ்ஐ 10-க்குக் கீழே இறங்கினால், அன்று சந்தை முடியும் நேரத்தில் வாங்க வேண்டும். பிறகு எந்த நாளில் இறுதி விலை 5 நாள் சராசரிக்கு மேலே முடிகிறதோ, அந்த நாளில் விற்றுவிட வேண்டும்.

2000-களில் லாரி கானர்ஸ் என்ற அமெரிக்க வர்த்தகர் பரப்பிய முறை இது. அங்கே எஸ்&பி 500 ஈடிஎஃப்பில் செய்வதை நான் நிஃப்டி ஈடிஎஃப்பில், அதாவது நிஃப்டியின் பங்குகளை மொத்தமாக வைத்திருந்து சந்தையில் ஒரு பங்கு போலவே விற்பனையாகும் நிதியில் செய்கிறேன். எதிர்காலத்தைக் கணிக்கும் வேலை இதில் இல்லை. ஏறிக்கொண்டிருக்கும் சந்தை இரண்டு மூன்று நாள் வேகமாக இறங்கினால் பெரும்பாலும் கொஞ்சமாவது திரும்பி எழும் என்ற ஒரே பழக்கத்தை நம்பித்தான் பணம் போடுகிறோம். திரும்பி எழுந்ததும் வெளியே வந்துவிடுகிறோம். அதற்கு மேல் ஏறுவது நமக்கான லாபம் இல்லை.

"ஆர்எஸ்ஐன்னா 14 நாள், 30-க்குக் கீழ போனா வாங்கணும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? இது என்ன 2 நாள்?"

வெல்ஸ் வைல்டர் 1978-ல் ஆர்எஸ்ஐ-யை அறிமுகம் செய்தபோது 14 நாள் கணக்கைத்தான் கொடுத்தார். எல்லா மென்பொருளிலும் அதுவே முன்னிருப்பாக நின்றுவிட்டது. ஆனால் நல்ல ஏற்றத்தில் இருக்கும் குறியீட்டில் 14 நாள் ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே வருவது அபூர்வம். அப்படி வந்துவிட்டால், பெரும்பாலும் அதற்குள் ஏற்றமே முடிந்திருக்கும். அதாவது நாம் வாங்க விரும்பும் சிறு இறக்கம் அதன் கண்ணில் படாது, ஒதுங்கி நிற்க வேண்டிய பெரிய இறக்கம் மட்டும் படும்.

2 நாள் கணக்கு ஒவ்வொரு நாளும் பழைய நினைவில் பாதியை மறந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இறங்கினாலே 10-க்குக் கீழே விழுந்துவிடுகிறது. கணக்கு எளிது. நேற்றைய "ஏற்ற சராசரி"யோடு இன்றைய ஏற்றத்தைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும், "இறக்க சராசரி"க்கும் அப்படியே. அப்புறம்:

```
RSI = 100 × ஏற்றம் / (ஏற்றம் + இறக்கம்)
```

இது அதிவேகமாக ஆடும் அளவுகோல் என்பதால், தனியாக வைத்துக்கொண்டால் ஆபத்து. எந்தச் சந்தையிலும் இது 10-க்குக் கீழே போகும், கரடிச் சந்தையில் வாராவாரம் போகும். 200 நாள் சராசரி என்ற கதவு அதற்காகத்தான்.

"ஒரு உண்மையான உதாரணம் காட்டுங்க. எண்ணோட."

2024 மே மாதக் கடைசி. தேர்தல் முடிவு வர ஒரு வாரம்தான் இருந்தது. மே 23-ல் நிஃப்டி ஒரே நாளில் 370 புள்ளி ஏறி 22,967.65-ல் முடிந்தது. அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. 200 நாள் சராசரி வெகு கீழே, 21,000 பக்கம் இருந்தது. ஆக, கதவு திறந்தே இருந்தது.

மே 28, செவ்வாய்: 22,888.15. ஏற்ற சராசரி 26.7, இறக்க சராசரி 29.7. ஆர்எஸ்ஐ 47. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மே 29, புதன்: 183.45 புள்ளி இறங்கி 22,704.70. ஏற்ற சராசரி பாதியாகி 13.35 ஆனது. இறக்க சராசரி (29.7 + 183.45) / 2 = 106.6. ஆர்எஸ்ஐ 11. கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் வரவில்லை. 11 என்பது 10 இல்லை. அன்று காத்திருக்க வேண்டும்.

மே 30, வியாழன்: இன்னும் 216.05 புள்ளி இறங்கி 22,488.65. ஏற்ற சராசரி 6.7, இறக்க சராசரி 161.3. ஆர்எஸ்ஐ 4. அன்று வாங்க வேண்டும். முந்தைய நாள் அவசரப்படாமல் இருந்ததற்கு 216 புள்ளி கிடைத்தது. எப்போதும் இப்படிக் கிடைக்காது. சில சமயம் 11-லேயே திரும்பி ஓடிவிடும், நாம் வெறும் கையோடு நிற்போம்.

மே 31, வெள்ளி: 22,530.70. 5 நாள் சராசரி 22,709. இன்னும் கீழேதான் இருக்கிறது. வைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை கருத்துக்கணிப்புகள் வந்தன. ஜூன் 3, திங்கள்: 733 புள்ளி ஏறி 23,263.90. 5 நாள் சராசரி 22,775. மேலே முடிந்துவிட்டதால் விற்க வேண்டும். இரண்டே வர்த்தக நாள், 775 புள்ளி, 3.4 சதவீதம். ஒரு லட்சம் போட்டிருந்தால் செலவு போகும் முன் சுமார் 3,400 ரூபாய்.

மறுநாள் ஜூன் 4 அன்று தேர்தல் முடிவு வந்தது, நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884.50-ல் முடிந்தது. விற்றவர் வெளியே இருந்தார். இது அந்த முறையின் தீர்க்கதரிசனம் இல்லை. முடிவு ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் இதே வர்த்தகம் நஷ்டமாகியிருக்கும். 5 நாள் சராசரிக்கு மேலே போனதும் விற்கும் விதி நம்மைச் சந்தைக்குள் குறைந்த நாள்தான் வைத்திருக்கிறது. செய்தி இடிகளில் பலவும் நாம் உள்ளே இல்லாத நாளில் விழுகின்றன. அதன் பலன் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

"ஜூன் 4 அன்னைக்கு அவ்வளவு விழுந்துதே, அன்னைக்கு வாங்கச் சொல்லியிருக்குமே?"

சொல்லவில்லை. முந்தைய நாளின் 733 புள்ளி ஏற்றம் கணக்கில் இன்னும் பாதி உயிரோடு இருந்தது. ஏற்ற சராசரி 189, இறக்க சராசரி 710, ஆர்எஸ்ஐ 21. ஒரே நாளில் 6 சதவீதம் விழுந்தும் 10-க்குக் கீழே போகவில்லை.

மறுநாளே சந்தை துள்ளி எழுந்ததைப் பார்த்துவிட்டு என் நண்பர் ஒருவர், எல்லையை 25-க்கு மாற்றிவிடலாம் என்றார். நடந்து முடிந்த ஒரு நாளுக்காக எல்லையை மாற்றினால், அடுத்த வருடம் வேறொரு நாளுக்காக மறுபடி மாற்றத் தோன்றும். எல்லை உயர உயர வாய்ப்பு பெருகும், ஒவ்வொரு வாய்ப்பின் தரமும் குறையும். 5 என்று வைப்பவர்களும் உண்டு. 10-ஓ 5-ஓ, ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே நிற்பதுதான் முக்கியம்.

"200 நாள் சராசரி ரொம்ப மெதுவா நகருதே. அது எதுக்கு? நல்ல நல்ல வாய்ப்பு எல்லாம் போயிடுது."

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 2020 பிப்ரவரி, மார்ச் இறுதி விலைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கே இது விளங்கியது.

பிப்ரவரி 20-ல் நிஃப்டி 12,080.85. பிப்ரவரி 24, திங்கள், 251 புள்ளி இறங்கி 11,829.40. 2 நாள் ஆர்எஸ்ஐ 11-ஐ ஒட்டி நின்றது. பிப்ரவரி 25, செவ்வாய், 11,797.90. ஆர்எஸ்ஐ சுமார் 9. 200 நாள் சராசரி 11,700 பக்கம் இருந்தது. ஒரு சதவீத இடைவெளியில் கதவு இன்னும் திறந்திருக்கிறது, விதிப்படி வாங்க வேண்டும்.

வாங்கியவருக்கு என்ன ஆனது? புதன் 11,678.50. வியாழன் 11,633.30. வெள்ளி 431 புள்ளி சரிந்து 11,201.75. மார்ச் 2-ல் 11,132.75. மார்ச் 3-ல் 11,303.30-க்கு எழுந்தாலும் 5 நாள் சராசரி 11,390-ல் இருந்தது. மார்ச் 4-லும் எட்டவில்லை. மார்ச் 5, வியாழன், 11,269-ல் முடிந்தபோது 5 நாள் சராசரி 11,231-க்கு இறங்கி வந்திருந்தது. விதி சொன்னது, விற்க வேண்டும். நஷ்டம் 4.5 சதவீதம்.

வாங்கிய விலைக்குத் திரும்பி வரவில்லை என்று மனம் அடித்துக்கொள்ளும் நாள் அது. ஆனால் இந்த விதிக்கு நாம் வாங்கிய விலையே தெரியாது. சராசரிதான் கீழே இறங்கி வந்து நம்மை வெளியே அனுப்புகிறது. துள்ளல் வந்ததா என்று மட்டும் பார்க்கிறது, அந்தத் துள்ளல் நம் விலையை எட்டியதா என்று பார்ப்பதில்லை.

இனி, 200 நாள் சராசரியைப் பார்க்காதவரின் கதை. அவரும் மார்ச் 5-ல் இதே நஷ்டத்தோடு வெளியே வருகிறார். மறுநாள் மார்ச் 6-ல் நிஃப்டி 10,989.45. ஆர்எஸ்ஐ மறுபடி 9. அவர் வாங்குகிறார். நமக்குக் கதவு மூடியிருந்தது, ஏனென்றால் விலை 200 நாள் சராசரிக்கு 700 புள்ளி கீழே. அடுத்த வர்த்தக நாள் 10,451.45, ஆர்எஸ்ஐ 2. மார்ச் 12-ல் 9,590.15. மார்ச் 19-ல் 8,263.45. 5 நாள் சராசரிக்கு மேலே முதல் முறையாக முடிந்தது மார்ச் 20-ல்தான், 8,745.45-ல், அதுவும் வெறும் 17 புள்ளி வித்தியாசத்தில். நஷ்டம் 20 சதவீதம்.

ஒரே விதி, ஒரே எல்லை, இரண்டு வாரத்துக்குள் இரண்டு வர்த்தகம். கதவு திறந்திருந்தபோது எடுத்ததில் நாலரை சதவீதம் போனது. மூடியிருந்தபோது எடுத்ததில் இருபது போனது. 2 நாள் ஆர்எஸ்ஐ இரண்டு இடத்திலும் ஒரே 9-ஐத்தான் காட்டியது. அதற்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 23-ல் 7,610.25-ல் அடிதொட்ட நிஃப்டி, தன் 200 நாள் சராசரியை மறுபடி எட்டியது ஜூலையில்தான். அதற்குள் 3,000 புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. அந்த ஏற்றம் முழுவதையும் இந்த முறை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தொகையை நான் இழந்ததாகக் கணக்கு வைப்பதில்லை. மார்ச் 6-ல் வாங்காமல் இருந்ததற்கு அதுவே கட்டணம்.

"விலை 200 நாள் சராசரியை ஒட்டியே மேலும் கீழும் ஆடினா?"

அதுதான் இந்த முறையின் மோசமான காலம். கதவு ஒரு நாள் திறக்கும், மறுநாள் மூடும். ஏற்றம் என்று நம்பி வாங்கியது உண்மையில் திசையில்லாத சந்தையாக இருக்கும். மேலே சொன்ன இரண்டு உதாரணத்தையும் பாருங்கள்: 2024 மே மாதத்தில் விலை சராசரிக்கு 7 சதவீதம் மேலே இருந்தது, 2020 பிப்ரவரியில் ஒரு சதவீதம்தான். இரண்டு நிகழ்வை வைத்து விதி எழுதக் கூடாது. ஆனாலும் சராசரியே தட்டையாகிக் கிடக்கும்போது, அதாவது ஒரு மாதத்துக்கு முன் இருந்த அளவிலேயே நிற்கும்போது, நான் பாதித் தொகைதான் போடுகிறேன்.

"ஸ்டாப் லாஸ் எங்க வைக்கணும்?"

நெருக்கமாக வைத்தால் முறையே கெட்டுவிடும். காரணம் எளிது. நாம் வாங்குவதே விழுந்துகொண்டிருக்கும்போது. வாங்கிய பிறகு இன்னும் ஒரு சதவீதம் விழுவது இங்கே சாதாரணம், அப்படி விழும்போது துள்ளலுக்கான வாய்ப்பு கூடுகிறது. அந்த இடத்தில் ஸ்டாப் லாஸ் வைத்தால், வாங்க வேண்டிய விலையில் விற்கிறோம்.

இன்னொன்று, அது நினைத்த விலையில் வேலை செய்யாது. 2020 பிப்ரவரி 25-ல் வாங்கியவர் இரண்டரை சதவீதத்தில், அதாவது 11,503-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தார் என்று வையுங்கள். வியாழன் 11,633-ல் முடிந்தது, தப்பித்தார். வெள்ளிக்கிழமை சந்தை திறந்ததே அந்த விலைக்கு வெகு கீழேதான். 11,503 என்ற விலை அன்று வரவே இல்லை.

அதற்காகப் பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பைத் தொகையில் வைக்கிறேன். ஒரு வர்த்தகத்தில் 10 சதவீதம் போனாலும் மொத்த முதலில் 2 சதவீதத்துக்கு மேல் அடிபடாத அளவுக்குத்தான் போடுகிறேன், அதாவது முதலில் ஐந்தில் ஒரு பங்கு. கூடவே, பத்து வர்த்தக நாளாகியும் 5 நாள் சராசரிக்கு மேலே வரவில்லை என்றால் லாபமோ நஷ்டமோ விற்றுவிடுகிறேன். இந்தப் பத்து நாள் என்பது என் சொந்த விதி, வேறொருவர் எட்டு வைக்கலாம். கடன் வாங்கியோ, ஃபியூச்சர்ஸிலோ இதைச் செய்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

"பத்துல ஏழு தடவை லாபம் வருதே, அப்புறம் ஏன் கணக்குல பணம் ஏறல?"

ஜெயிக்கும் வர்த்தகம் எல்லாம் சின்னது, தோற்கும் வர்த்தகம் பெரியது. இந்த முறையின் உடம்பே அப்படித்தான். துள்ளியதும் விற்றுவிடுவதால் லாபத்துக்குக் கூரை இருக்கிறது. துள்ளல் வரும்வரை வைத்திருப்பதால் நஷ்டத்துக்குத் தரை இல்லை.

ஏழு முறை தலா ஒன்றரை சதவீதம் வந்தால் பத்தரை. மூன்று முறை தலா நாலு சதவீதம் போனால் பன்னிரண்டு. ஏழு தடவை ஜெயித்தும் ஒன்றரை சதவீதம் குறைவு. அதனால் எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணாமல், சராசரி லாபத்தையும் சராசரி நஷ்டத்தையும் இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். நஷ்டப் பத்தி பெருத்துக்கொண்டே போனால், நீங்கள் எங்கோ விதியை மீறி "கொஞ்சம் பொறுப்போம்" என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். என் நோட்டில் அப்படித்தான் தெரிந்தது.

செலவும் இந்தச் சின்ன லாபத்தைத்தான் தின்னும். பங்கை டெலிவரியில் வாங்கி விற்றால் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். நிஃப்டி ஈடிஎஃப்பில் விற்கும்போது மட்டும் 0.001 சதவீதம். குறுகிய கால லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 20 சதவீதம். ஈடிஎஃப்பில் செய்வதற்கு அந்த எஸ்டிடி வித்தியாசமே போதுமான காரணம்.

"தனிப் பங்குல செய்யலாமா? அதுல துள்ளல் பெருசா இருக்குமே."

துள்ளல் பெரியதுதான். ஆனால் குறியீடு விழுவதும் ஒரு நிறுவனம் விழுவதும் ஒன்றல்ல. ஐம்பது நிறுவனங்கள் சேர்ந்து மூன்று நாள் விழுந்தால் பெரும்பாலும் அது பயம். ஒரு நிறுவனம் மட்டும் மூன்று நாள் விழுந்தால், யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது.

சில வருடம் முன்பு ஒரு மருந்து நிறுவனப் பங்கை இப்படி வாங்கினேன். 200 நாள் சராசரிக்கு வெகு மேலே, ஆர்எஸ்ஐ 3, சந்தை அன்று பச்சையில். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எச்சரிக்கை இருந்தது, எனக்குப் படவில்லை. மறுநாள் காலை தொழிற்சாலைச் சோதனை பற்றிய செய்தி வந்தது, 14 சதவீதம் கீழே திறந்தது. இப்போது தனிப் பங்கு என்றால் நிஃப்டியும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். காலாண்டு முடிவு அறிவிக்கும் வாரமா என்றும் பார்க்கிறேன். அப்படியும் என் தொகையில் பெரும்பகுதி ஈடிஎஃப்பில்தான்.

"சார்ட்ல எப்படி அமைக்கிறது? எந்த நேரத்துல பார்க்கணும்?"

டிரேடிங்வியூவில் நிஃப்டி தின வரைபடத்தைத் திறந்து, பைன் எடிட்டரில் இதை ஒட்டி வரைபடத்தில் சேர்த்தால் போதும். மேல்நோக்கிய முக்கோணம் வாங்கும் நாள், மேலே பெருக்கல் குறி இருந்தால் விற்கும் நிபந்தனை நிறைவேறிய நாள்.

```
//@version=5
indicator("RSI2 pullback")
r   = ta.rsi(close, 2)
m200 = ta.sma(close, 200)
m5  = ta.sma(close, 5)
plotshape(close > m200 and r < 10, style=shape.triangleup, location=location.bottom)
plotshape(close > m5, style=shape.xcross, location=location.top)
```

நான் மாலை 3.15-க்கு ஒரு முறை பார்க்கிறேன். அதற்கு முன் பார்ப்பதில்லை. 2 நாள் ஆர்எஸ்ஐ மதியம் 4-ஐக் காட்டிவிட்டு மூன்று மணிக்கு 18-க்குப் போய்விடும். 3.15-க்கு 8-க்குக் கீழே இருந்தால் 3.20-க்கு வாங்குகிறேன். 8-க்கும் 12-க்கும் இடையில் ஊசலாடினால், கடைசி நிமிடங்களில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்பதால் சந்தை முடியும்வரை விட்டுவிட்டு, 10-க்குக் கீழே முடிந்திருந்தால் மறுநாள் காலை வாங்குகிறேன். காலையில் ஏற்கெனவே 5 நாள் சராசரிக்கு மேலே திறந்துவிட்டால் அந்த வர்த்தகம் முடிந்துபோனது, துரத்துவதில்லை.

வாங்கும் பொத்தானை அழுத்தும் முன் ஒன்று பார்க்க வேண்டும்: ஈடிஎஃப்பின் சந்தை விலையும், அதற்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேர மதிப்பான iNAV-உம். சந்தை பதறும் நாளில் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவதால் இரண்டும் விலகும். சந்தை விலை iNAV-ஐ விட அரை சதவீதம் கூடுதலாக இருந்தால், நாம் எதிர்பார்க்கும் ஒன்றரை சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்கும்போதே போய்விடும். அதனால் மார்க்கெட் ஆர்டர் போடாமல், iNAV-க்கு ஒட்டிய விலையில் லிமிட் ஆர்டர் போட்டுவிட்டு 3.30 வரை காத்திருக்கிறேன். கிடைக்கவில்லை என்றால் அன்று விட்டுவிடுகிறேன்.